வெண்டருக்குப் பாராட்டுக் கடிதம்: ரினியூவல் பேச்சிலும் கைகொடுக்கும்படி எழுதுவது எப்படி?

வெண்டர் நன்றாக வேலை செய்துவிட்டால், "உங்கள் சேவை மிகச் சிறப்பு, மிக்க நன்றி" என்று இரண்டு வரி மெயில் அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். சில மாதம் கழித்து ரேட் பேச உட்கார்ந்தால் அந்த இரண்டு வரி திரும்பி வரும். "சேவை மிகச் சிறப்பு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, இந்த வருடம் 12 சதவீதம் கூட்டித் தாருங்கள்" என்பார்கள். எது சிறப்பு என்று நாம் சொல்லவில்லை. அதனால் மொத்த ஒப்பந்தமும் சிறப்பு என்று அவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

அந்த நன்றியையே குறிப்பாக எழுதியிருந்தால் பேச்சு வேறு மாதிரி போகும். என்ன நடந்தது, எந்த நேரத்தில், யார் செய்தது, ஒப்பந்தம் கேட்டதற்கும் அவர்கள் செய்ததற்கும் என்ன வித்தியாசம் என்று எழுதிவிட்டால், ரினியூவலில் அந்த ஒரு விஷயத்தை எடுத்து வைத்து, அதை ஒப்பந்தத்தில் சேர்க்க என்ன கொடுக்கலாம் என்று பேசலாம். வேலை செய்தவருக்கும் அவருடைய மேலாளர் முன் காட்ட உருப்படியான ஒரு தாள் கிடைக்கும்.

வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம், அதாவது ஏஎம்சி வெண்டருக்கு எழுதும் கடிதத்தை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம். முழுக்க ஒரே உதாரணம்தான்.

ஒரு கிடங்கில் உறைநிலைப் பொருட்கள் வைக்கும் குளிர்பதன அறை இருக்கிறது. −18 டிகிரியில் வைத்திருக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை இரவு 11.20-க்கு அலாரம் அடிக்கிறது, கம்ப்ரசர் நின்றுவிட்டது. 11.35-க்கு வெண்டரின் அவசர எண்ணில் புகார் பதிவாகிறது. டெக்னீஷியன் அதிகாலை 2.15-க்கு வந்து 4.40 வரை வேலை பார்க்கிறார். காலை 7.30-க்கு அறை மறுபடி −18-க்கு வந்துவிடுகிறது. ஒப்பந்தம் முடிய இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது.

## 1. எழுத உட்காரும் முன் ஆவணங்களைச் சேருங்கள்

புதிதாக எழுதுகிறவர்கள் ஞாபகத்திலிருந்து எழுதத் தொடங்குகிறார்கள். "இரவு நேரத்திலும் உடனே வந்தார்" என்று வருகிறது. அந்த "உடனே"யை ஆறு மாதம் கழித்து யாராலும் அளக்க முடியாது.

நான்கு தாள்கள் போதும். வெண்டரின் ஜாப் ஷீட் அல்லது சர்வீஸ் ரிப்போர்ட், உங்கள் கேட் ரிஜிஸ்டரில் டெக்னீஷியன் உள்ளே வந்து வெளியே போன நேரம், அறையின் வெப்பநிலைப் பதிவு, ஒப்பந்தத்தில் பதில் நேரம் பற்றிச் சொல்லும் பக்கம்.

கேட் ரிஜிஸ்டரை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், ஜாப் ஷீட்டில் இருக்கும் நேரம் பெரும்பாலும் வேலை முடிந்த பிறகு ஒரேயடியாக எழுதப்படுவது. வந்த நேரம் உத்தேசமாக இருக்கும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பத்து நிமிடம் முன்பின் இருந்தால் பரவாயில்லை, கேட் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் வித்தியாசம் என்றால் முதலில் வெண்டரிடம் கேட்டுத் தெளிவாக்குங்கள். பாராட்டுக் கடிதத்தில் ஒரு தவறான நேரம் இருந்தாலும் பிறகு அதை எந்த மேசையிலும் காட்ட முடியாது.

கடிகாரம் எங்கே தொடங்குகிறது என்பதும் முக்கியம். அலாரம் 11.20, புகார் 11.35. ஏறக்குறைய எல்லா ஒப்பந்தத்திலும் பதில் நேரம் புகார் பதிவான நிமிடத்திலிருந்துதான் ஓடும். அப்படியென்றால் இங்கே பதில் நேரம் 2 மணி 40 நிமிடம். 11.20-லிருந்து கணக்குப் போட்டால் வெண்டருக்குச் சேர வேண்டிய கால் மணி நேரத்தை நாமே எடுத்துக்கொண்டதாக ஆகும்.

## 2. ஒப்பந்தத்துக்கு உள்ளே எது, வெளியே எது என்று பிரியுங்கள்

பலர் தாண்டிப்போகும் படி இது. ஒப்பந்தத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, வெண்டர் செய்த ஒவ்வொரு செயலுக்கும் நேரே "கடமை" அல்லது "கூடுதல்" என்று குறியுங்கள்.

நம் உதாரணத்தில் ஒப்பந்தம் சொல்வது: திங்கள் முதல் சனி வரை, காலை 9 முதல் மாலை 6 வரை வேலை நேரம், புகார் வந்த பிறகு 8 வேலை மணி நேரத்துக்குள் ஆள் வர வேண்டும். சனிக்கிழமை இரவு 11.35-க்குப் பதிவான புகாருக்குக் கடிகாரம் திங்கட்கிழமை காலை 9 மணிக்குத்தான் ஓடத் தொடங்கும். அன்று மாலை 5 மணிக்கு ஆள் வந்திருந்தாலும் ஒப்பந்தம் மீறப்பட்டிருக்காது. ஆக, இரவில் வந்தது முழுக்கக் கூடுதல். கம்ப்ரசருக்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்சான காண்டாக்டர் கருகியிருந்தது, அதை மாற்றியது கடமை. காண்டாக்டர் ஏன் கருகியது என்று தேடி, டெர்மினலில் ஒரு ஒயர் தளர்ந்து சூடேறியிருந்ததைக் கண்டுபிடித்து இறுக்கியது? ஒப்பந்தத்தில் "மூலக்காரணம் கண்டறிதல்" என்று எழுதியிருந்தால் கடமை, இல்லையென்றால் கூடுதல்.

கடமையைக் கூடுதல் போலப் பாராட்டினால், ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியதை இனாமாகக் கிடைத்தது என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். அடுத்த முறை அதற்குத் தனி பில் வந்தால் மறுப்பது சிரமம். கூடுதலைக் கடமை போல எழுதினால் இரவெல்லாம் நின்று வேலை பார்த்தவரை அவமதித்ததாகும். வெண்டரும் அடுத்த முறை யோசிப்பார்.

## 3. நிலுவையில் இருப்பதை முதலில் முடியுங்கள்

இந்த வெண்டரோடு வேறு ஏதாவது பிரச்சினை ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும். போன காலாண்டில் இரண்டு முறை தாமதமாக வந்ததற்குக் கழிவு கேட்டிருக்கிறீர்களா? ஒரு இன்வாய்ஸ் தகராறில் நிற்கிறதா? அந்த நேரத்தில் "உங்கள் பராமரிப்பில் முழுத் திருப்தி" என்று ஒரு கடிதம் போனால், கழிவு கேட்பதன் அடித்தளமே ஆடிவிடும். நிலுவை இருந்தால் கடிதமே எழுதக் கூடாது என்று அர்த்தமில்லை. கடிதத்தின் எல்லையை ஒரே நிகழ்வோடு நிறுத்த வேண்டும். அதற்கான வரியை ஐந்தாம் படியில் தருகிறேன்.

இன்னொரு நிலுவை, அந்த இரவு வருகைக்கான பில். வேலை நேரத்துக்கு வெளியே வந்தால் தனிக் கட்டணம் என்று பல ஏஎம்சி-க்களில் ஒரு வரி இருக்கும். பில் வராது என்று நினைத்து நன்றி எழுதிவிட்டு, மறுவாரம் பில் வந்ததும் முகம் சுளிப்பது இரண்டு பக்கமும் கசப்பு. அவர்களின் அக்கவுண்ட் மேனேஜரைக் கூப்பிட்டு நேராகக் கேளுங்கள்: "சனிக்கிழமை இரவு விசிட்டுக்குத் தனியாக பில் போடுகிறீர்களா சார்?" போடுகிறார்கள், ஒப்பந்தமும் அதற்கு இடம் கொடுக்கிறது என்றால், கொடுத்துவிட்டு அதன் பிறகு நன்றி சொல்லுங்கள். காசு வாங்கிக்கொண்டு செய்த வேலையாக இருந்தாலும் நன்றாகச் செய்தது நன்றாகச் செய்ததுதான். "வேண்டாம், அது எங்கள் குட்வில்" என்று சொன்னால், அதை அவர்கள் வாயால் சொன்னதாக உங்கள் கோப்பில் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள்.

## 4. எப்போது அனுப்புவது

நிகழ்வு நடந்து ஒரு வாரத்துக்குள். அதற்கு மேல் போனால் வெண்டர் பக்கத்தில் அந்த டெக்னீஷியனின் மேலாளருக்கு நினைவு மங்கிவிடும், கடிதத்தால் அவருக்குக் கிடைக்க வேண்டிய பலனும் குறையும்.

ரினியூவலுக்கு முந்தைய வாரத்தில் அனுப்பாதீர்கள். அதுவரை சும்மா இருந்துவிட்டு அப்போது வரும் பாராட்டைப் பேரத்தின் முதல் வரி என்றுதான் யாரும் படிப்பார்கள். டெண்டர் விட்டு, கொட்டேஷன்கள் வந்துகொண்டிருக்கும்போது இந்த வெண்டரும் போட்டியில் இருந்தால், முடிவு வரும் வரை கடிதத்தை நிறுத்திவையுங்கள். மற்ற போட்டியாளர்கள் பார்த்தால் பாரபட்சம் என்பார்கள், அது நியாயமான சந்தேகம்தான்.

## 5. கடிதத்தை எழுதுங்கள்

முழுக் கடிதத்தையும் கீழே தருகிறேன். பிறகு ஒவ்வொரு பகுதியும் ஏன் அப்படி இருக்கிறது என்று சொல்கிறேன்.

> பொருள்: குளிர்பதன அறை 2, சனிக்கிழமை இரவுப் பழுது, ஜாப் ஷீட் எண் ____: உங்கள் டெக்னீஷியனின் பணிக்கு நன்றி
>
> வணக்கம்.
>
> கடந்த ____ தேதி சனிக்கிழமை இரவு 11.35-க்கு எங்கள் இரண்டாவது குளிர்பதன அறையின் கம்ப்ரசர் நின்றுவிட்டதாக உங்கள் அவசர எண்ணில் புகார் பதிவு செய்தோம். உங்கள் டெக்னீஷியன் திரு. ____ அதிகாலை 2.15-க்கு எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார். வார விடுமுறை இரவு என்பதால் ஒப்பந்தப்படி திங்கட்கிழமைக்குள் வந்தாலே போதும் என்பதை நாங்கள் அறிவோம்.
>
> கிளம்புவதற்கு முன்பே அவர் எங்கள் இரவுக் காவலரிடம் போனில் பேசி, தான் வரும் வரை அறைக் கதவை எந்தக் காரணத்துக்கும் திறக்க வேண்டாம் என்று சொன்னார். அறை −13 டிகிரிக்கு மேல் ஏறாமல் நின்றதற்கு அது பெரிய காரணம்.
>
> கம்ப்ரசரின் காண்டாக்டர் கருகியிருந்தது. அதே ரேட்டிங்கில் புதியது ஒன்று அவருடைய வேனிலேயே இருந்ததால் உடனே மாற்ற முடிந்தது. அதோடு நிற்காமல், டெர்மினலில் தளர்ந்திருந்த ஒயரைக் கண்டுபிடித்து இறுக்கி, முன்னும் பின்னும் படம் எடுத்து ரிப்போர்ட்டில் சேர்த்திருக்கிறார். காலை 7.30-க்கு அறை −18 டிகிரிக்குத் திரும்பியது. அதன் பிறகு அந்த யூனிட்டில் பழுது ஏதும் வரவில்லை.
>
> திரு. ____ அவர்களுக்கும், அந்த நேரத்தில் போனை எடுத்து அவரை அனுப்பிவைத்த உங்கள் அவசரப் பிரிவுக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி. இதை அவருடைய மேலாளரிடமும் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.
>
> இந்தக் கடிதம் மேற்கண்ட பணியைப் பற்றியது. ஒப்பந்தத்தின் மற்ற விஷயங்களை வழக்கம்போல் காலாண்டுக் கூட்டத்தில் பேசுவோம். கடிதத்தை உங்கள் நிறுவனத்துக்குள் தாராளமாகப் பகிரலாம். வெளியே விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதாக இருந்தால் முன்பே எங்களிடம் கேட்கவும்.

பொருள் வரி. ஜாப் ஷீட் எண் இருப்பதால் வெண்டர் தங்கள் சிஸ்டத்தில் இந்தப் பாராட்டை அந்த வேலையோடு சேர்த்துவைக்க முடியும். ஐந்து மாதம் கழித்து நீங்கள் தேடினாலும் ஒரே தேடலில் கிடைக்கும். "நன்றி" என்று மட்டும் பொருள் போட்ட மெயில் கிடைக்காது.

முதல் பத்தி. நேரங்கள் மட்டும் இருக்கின்றன, பெயரடை இல்லை. "அசுர வேகத்தில்" என்று எழுத வேண்டிய அவசியமில்லை, 11.35-ம் 2.15-ம் பக்கத்தில் இருந்தால் படிப்பவரே சொல்லிக்கொள்வார். ஒப்பந்தத்தைக் குறிப்பிடும் வரியை எடுத்துவிடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். "கூடுதலாகச் செய்தார்கள் என்று நாமே எழுதிக் கொடுத்தால் கூடுதல் காசு கேட்பார்களே" என்ற பயம். கேட்கட்டும். இந்த ஒரு விஷயத்துக்கு என்று பெயர் சொல்லிக் கேட்டால் அதைப் பேசலாம், பதிலுக்கு உறுதி வாங்கலாம். பொதுவாக "நாங்கள் சிறப்பு" என்று சொல்லிக் கேட்டால்தான் பேச எதுவும் இல்லாமல் போகும். அந்த வரி உண்மையும்கூட. அதைச் சொல்லாமல் விட்டால் அவர் செய்த வேலையின் எடை தெரியாது.

இரண்டாம், மூன்றாம் பத்தி. இங்கே பாராட்டப்படுவது திரும்பவும் செய்யக்கூடிய பழக்கங்கள்: கிளம்பும் முன் போனில் வழிகாட்டுவது, வேனில் ஸ்பேர் வைத்திருப்பது, காரணத்தைத் தேடுவது, படத்தோடு ரிப்போர்ட் தருவது. "அர்ப்பணிப்பு", "தொழில்நேர்த்தி" போன்ற சொற்களை ஒப்பந்தத்தில் ஷரத்தாக எழுத முடியாது. "வேனில் காண்டாக்டர் இருக்க வேண்டும்" என்பதை எழுத முடியும். எழுதி முடித்ததும் அவர் செய்ததைப் பாராட்டும் ஒவ்வொரு வாக்கியத்தையும் பார்த்து, இதை நாளைக்கு ஒரு ஷரத்தாக மாற்ற முடியுமா என்று கேட்டுப்பாருங்கள். முடியாதது இரண்டு வாக்கியத்துக்கு மேல் இருந்தால் விவரம் போதவில்லை.

எல்லை வரி. "இந்தக் கடிதம் மேற்கண்ட பணியைப் பற்றியது" என்ற ஒரே வாக்கியம் நிலுவையில் உள்ள கோரிக்கைகளைக் காப்பாற்ற உதவுகிறது. இதையே சட்ட நடையில், "எங்கள் உரிமைகள் எதையும் விட்டுக்கொடுத்ததாகக் கருதக் கூடாது" என்று எழுதினால் நன்றியின் சூடு போய்விடும். பெரிய தகராறு நடந்துகொண்டிருந்தால் மட்டும் சட்டப் பிரிவிடம் ஒரு முறை காட்டிவிட்டு அனுப்புங்கள்.

விளம்பர வரி. உங்கள் நிறுவனத்தின் பெயரைப் போட்டு, "எங்கள் வாடிக்கையாளர் சொல்கிறார்" என்று வெண்டர் காட்டிக்கொள்வதற்கு அவர்களிடம் நல்ல மதிப்பு உண்டு. அதை இப்போதே இனாமாகக் கொடுத்துவிட்டால் பிறகு கொடுக்க ஒன்று குறைகிறது. டெக்னீஷியனுக்குச் சேர வேண்டிய பாராட்டு முழுதாகப் போய்ச் சேரட்டும், பெயரைப் பயன்படுத்தும் அனுமதி மட்டும் நம்மிடம் இருக்கட்டும்.

## 6. அனுப்பும் முன் இந்த வாக்கியங்களைத் தேடி எடுத்துவிடுங்கள்

நல்ல மனதோடு எழுதுகிறவர்கள்தான் இந்த வாக்கியங்களை எழுதுகிறார்கள். ஒவ்வொன்றும் ரினியூவலில் நமக்கு எதிராகத் திரும்பும்.

"எங்கள் பெருமதிப்புள்ள சரக்கைக் காப்பாற்றினீர்கள்", அதோடு ஒரு தொகை. தொகையைச் சொன்ன நிமிடமே உங்கள் ஒப்பந்த மதிப்பு அதற்குப் பக்கத்தில் மிகச் சிறியதாகத் தெரியும். அடுத்த கொட்டேஷன் அந்தத் தொகையைப் பார்த்துத்தான் போடப்படும். விளைவைச் செயல்பாட்டு அளவில் சொல்லுங்கள்: −13-க்கு மேல் ஏறவில்லை, 7.30-க்கு −18. டெக்னீஷியனுக்கு அதுவே பெருமை. குளிர்பதனம் தெரிந்தவருக்கு அந்த எண்களின் அர்த்தம் நன்றாகத் தெரியும்.

"நீங்கள் இல்லையென்றால் எங்களுக்கு வேறு வழியே இல்லை." மாற்று வெண்டர் இல்லை, பேக்கப் யூனிட் இல்லை என்று எழுத்தில் கொடுப்பதற்குச் சமம்.

"இனி வரும் ஆண்டுகளிலும் உங்களோடு பயணிக்க ஆவலாக இருக்கிறோம்." மரியாதைக்காக எழுதும் வரிதான். ஆனால் ரினியூவல் நிச்சயம் என்று அவர்கள் விற்பனைப் பிரிவு எடுத்துக்கொள்ளும். அதை எழுதாவிட்டால் கடிதம் எந்த விதத்திலும் குறைந்துபோகாது.

"எப்போதும்போல் இந்த முறையும்..." பதிவைப் பார்த்தால் எப்போதும் அப்படி இல்லை என்று தெரியும். போன காலாண்டின் தாமதத்தைப் பற்றி நீங்களே புகார் கொடுத்திருப்பீர்கள்.

கடிதத்தின் கடைசியில் ஒரு கோரிக்கையை ஒட்டவைப்பதும் இதே வகை. "இதே வேகத்தை ஒப்பந்தத்திலும் எதிர்பார்க்கிறோம்" என்று முடித்தால் மேலே எழுதிய நன்றி முழுவதும் முன்னுரை ஆகிவிடும். நன்றி தனியாக நிற்கட்டும், கேட்க வேண்டியதை அதற்குரிய மேசையில் கேட்போம். குறை சொல்வதும் அப்படியே. அதற்கு வேறு மெயில் இருக்கிறது.

## 7. யார் கையெழுத்து, யாருக்குப் பிரதி

சேவையை நேரில் பார்த்தவர் கையெழுத்திட வேண்டும். இங்கே கிடங்கு மேலாளர். ரேட் பேசப்போகும் பர்ச்சேஸ் மேலாளர் கையெழுத்துப் போட்டால் கடிதம் வணிகக் கடிதம் ஆகிவிடும். பேச்சின்போது அவர் சொன்னதையே அவரிடம் திருப்பிக் காட்டுவார்கள். ஆனால் அனுப்பும் முன் பர்ச்சேஸ் பிரிவு படித்துவிட வேண்டும், பிரதியும் அவர்களுக்குப் போக வேண்டும். இந்த ஒழுங்கு இல்லாத இடங்களில் கிடங்கிலிருந்து ஒரு புகழ்மாலையும் பர்ச்சேஸிலிருந்து ஒரு கண்டனமும் ஒரே வாரத்தில் வெண்டருக்குப் போய்ச் சேர்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

வெண்டர் பக்கத்தில் சர்வீஸ் மேலாளருக்கு எழுதி, அக்கவுண்ட் மேனேஜருக்குப் பிரதி போடுங்கள். விற்பனை ஆளுக்கு மட்டும் எழுதினால் கடிதம் அவருடைய கோப்பில் தங்கிவிடும், டெக்னீஷியனுக்குப் போகாது.

## 8. கடிதத்தோடு ஒரு பதிவும் வையுங்கள்

கடிதம் சொல்வது ஒரு நிகழ்வை. ஒரு நிகழ்வை வைத்து ஒப்பந்தம் பேச முடியாது. அதனால் அந்த வருடத்து எல்லாப் புகார்களையும் ஒரே தாளில் எழுதுங்கள்: தேதி, பதிவான நேரம், ஆள் வந்த நேரம், ஸ்பேர் கையில் இருந்ததா, அதே பழுது திரும்பியதா. மோசமான நாட்களையும் விடாமல் எழுத வேண்டும். நல்லதை மட்டும் பொறுக்கினால் வெண்டரிடமும் ஒரு லாக் இருக்கிறது, அதை எடுத்துக் காட்டுவார்கள்.

நம் கிடங்கில் வருடத்தில் ஒன்பது புகார்கள். ஆள் வர எடுத்த நேரத்தை வரிசைப்படுத்தினால்: 2 மணி 40 நிமிடம், 3, 3½, 3½, 4, 4, 4½, 5, 7 மணி நேரம். சில பகலில், சில இரவில்.

## 9. ரினியூவல் மேசையில் கடிதத்தைப் பயன்படுத்துவது

2 மணி 40 நிமிடத்தில் ஒரு முறை வந்துவிட்டார்களே, அதையே ஷரத்தாகக் கேட்கலாம் என்றுதான் முதலில் தோன்றும். கேட்காதீர்கள். அது அவர்களின் மிகச் சிறந்த நாள். மிகச் சிறந்த நாளைக் குறைந்தபட்சமாக மாற்றச் சொன்னால், அதற்கு இன்னொரு ஆளை இரவு டியூட்டியில் போட வேண்டியிருக்கும், அந்தச் செலவு முழுக்க உங்கள் ரேட்டில் வந்து விழும். அடுத்த முறை நன்றாகச் செய்யவும் அவர்கள் தயங்குவார்கள், ஏனென்றால் நன்றாகச் செய்ததுதான் பொறியாகிவிட்டது.

பதிவைப் பாருங்கள். ஒன்பதில் எட்டு முறை 5 மணி நேரத்துக்குள் வந்திருக்கிறார்கள். கேட்க வேண்டிய எண் 5. அவர்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதைத்தான் எழுத்தில் கேட்கிறோம். இதுவரை அது அவர்களின் நல்ல மனதைப் பொறுத்து இருந்தது, இனிமேல் ஒப்பந்தத்தில் இருக்கும்.

பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

"சார், போன வருடம் எங்கள் சர்வீஸைப் பற்றி நீங்களே கடிதம் கொடுத்திருக்கிறீர்கள். இந்த வருடம் 12 சதவீதம் கூட்டியிருக்கிறோம்."

"கொடுத்தோம் சார், அதில் ஒரு எழுத்தையும் மாற்றிச் சொல்லப்போவதில்லை. கடிதத்தில் இருப்பது இரவு வருகையும், வேனில் ஸ்பேர் இருந்ததும். இரண்டும் இப்போதைய ஒப்பந்தத்தில் இல்லை. இந்த இரண்டையும் எழுத்தில் சேர்த்தால் எவ்வளவு ஆகும் என்று தனியாகச் சொல்லுங்கள். மீதி வேலைக்கு ரேட் ஏன் ஏற வேண்டும் என்பதையும் தனியாகப் பார்ப்போம்."

"தனியாக" என்று கேட்பதுதான் இங்கே வேலை செய்கிறது. 12 சதவீதம் இரண்டாகப் பிரிந்ததும், பொதுவான ஏற்றத்துக்கு அவர்கள் வேறு காரணம் காட்ட வேண்டும்: கூலி, எரிபொருள், ஸ்பேர் விலை. அதைச் சரிபார்க்கலாம். கூடுதல் சேவைக்கான பகுதிக்கு நீங்கள் எதையாவது கொடுக்கத்தான் வேண்டும், அதுதான் முறை. காசாகக் கொடுக்காமல் வேறு விதத்திலும் கொடுக்கலாம். ஒரு வருட ஒப்பந்தத்தை இரண்டு வருடமாக்கலாம். பேமெண்டை 45 நாளிலிருந்து 30 நாளாக்கலாம். கடிதத்தில் கொடுக்காமல் வைத்திருந்த அந்த விளம்பர அனுமதியும் கையில் இருக்கிறது: எங்கள் பெயரைப் போட்டுக் கடிதத்தை மற்ற வாடிக்கையாளர்களிடம் காட்டிக்கொள்ளலாம்.

பேச்சு முடிந்து எழுதப்படும் ஷரத்து இப்படி இருக்கலாம்: "குளிர்பதன அறை அலாரம் தொடர்பான புகார்களுக்கு, நாள், நேரம் எதுவானாலும், புகார் பதிவான 5 மணி நேரத்துக்குள் டெக்னீஷியன் வர வேண்டும். மற்ற புகார்களுக்குப் பழைய 8 வேலை மணி நேரமே தொடரும்." கடைசி வாக்கியம் முக்கியம். எல்லாவற்றுக்கும் 5 மணி நேரம் கேட்டால் ஒரு பல்பு மாற்றவும் இரவில் ஆள் அனுப்ப வேண்டிய கணக்கில் ரேட் வரும்.

ஸ்பேர் விஷயத்தை இணைப்பாக எழுதுங்கள்: உங்கள் யூனிட்களுக்குப் பொருந்தும் காண்டாக்டர், ரிலே, ஃபியூஸ், சென்சார் என்று வேனில் இருக்க வேண்டியவற்றின் ரேட்டிங்கோடு ஒரு பட்டியல். நீளமாக்காதீர்கள். கம்ப்ரசரை வேனில் வைத்திருக்கச் சொல்ல முடியாது.

டெக்னீஷியனின் பெயரை ஷரத்தில் எழுதச் சொல்லிப் புதியவர்கள் கேட்பதுண்டு. ஆள் வேலையை விட்டுப் போகலாம், பதவி உயர்ந்து போகலாம், அதற்கு உங்கள் கடிதமே காரணமாகவும் இருக்கலாம். பெயருக்குப் பதிலாக, "இந்த யூனிட்டில் முன்பு வேலை பார்த்த, அல்லது அப்படி வேலை பார்த்தவரோடு ஒரு முறையாவது வந்து பழகிய டெக்னீஷியன்" என்று கேளுங்கள். வெண்டரால் செய்யக்கூடியது அது.

5 மணி நேரத்துக்கு வெண்டர் ஒப்புக்கொள்ளாமலும் போகலாம். இரவில் அனுப்ப ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார், உறுதி தர முடியாது என்று நேர்மையாகச் சொல்வார்கள். அப்போது வற்புறுத்தி எழுதி வாங்குவதில் பயன் இல்லை; மீறல்தான் மிஞ்சும். வருகையை விட்டுவிட்டு, அந்த இரவு உண்மையில் அறையைக் காத்தது எது என்று கடிதத்தின் இரண்டாம் பத்தியைத் திரும்பப் படியுங்கள். டெக்னீஷியன் போனில் சொன்ன ஒரு வார்த்தைதான் அவர் வரும் வரை கதவைத் திறக்காமல் வைத்தது. "புகார் பதிவான 20 நிமிடத்துக்குள் டெக்னீஷியன் ஒருவர் போனில் அழைத்து, ஆள் வரும் வரை என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல வேண்டும்" என்ற ஷரத்தைக் கேளுங்கள். இரவில் ஆள் அனுப்பும் செலவு அதற்குக் கிடையாது, அதனால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.